பந்தலில் பறப்பது பூசணி வண்டா, மின்மினியா? வயிற்றுப்பக்கம் பார்த்தால் தெரியும்!

பீர்க்கன் பந்தலில் மாலை ஆறரை மணிக்கு மேல்தான் பூக்கள் நன்றாக விரியும். அந்த நேரத்தில் பந்தலுக்குள் போன திண்டுக்கல் மாவட்டத்து வாசகர் ஒருவர், இலைகளில் உட்கார்ந்திருந்த சிறு வண்டுகளைச் செல்போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். 'அரை ஏக்கர் பந்தல். இலைகளில் ஓட்டை விழுகிறது. சாயங்காலம் ஆனால் இந்த வண்டுகள் வந்து உட்காருகின்றன. பக்கத்துத் தோட்டத்துக்காரர், இது சிவப்புப் பூசணி வண்டு, உடனே மருந்து அடி என்கிறார். மருந்தும் வாங்கி வைத்துவிட்டேன். அடிக்கலாமா?' என்பது அவருடைய கேள்வி.

படத்தில் இருப்பது ஃபிளாஷ் வெளிச்சத்தில் எடுக்கப்பட்ட ஒரே ஒரு காட்சி. இலைமேல் நான்கு வண்டுகள். நான்குமே ஆரஞ்சும் பழுப்பும் கலந்த நிறம். நெல்மணி நீளம். மேலோட்டமாகப் பார்த்தால் நான்கும் ஒரே இனம்தான் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். கூர்ந்து பார்த்தால் மூன்றில் இறக்கை நுனி கறுத்திருக்கிறது. நான்காவதில் அது இல்லை. மூன்றின் தலை மேலிருந்து பார்க்கையில் பாதிக்கு மேல் மறைந்திருக்கிறது. நான்காவதின் தலை முழுசாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, அங்கே இருந்தது இரண்டு வகைப் பூச்சி. ஒன்று இலையைத் தின்பது. மற்றொன்று இலையைத் தொடவே தொடாதது. மருந்து அடித்திருந்தால் பெரும்பாலும் செத்திருப்பது இந்த இரண்டாவதுதான்.

பந்தல் காய்கறி போடும் பலருக்கும் வரக்கூடிய குழப்பம் இது. மின்மினியை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இருட்டில் மினுக் மினுக் என்று பறக்கும்போதுதான் தெரியும். ஒளியை அணைத்துவிட்டு இலையில் உட்கார்ந்திருக்கும் மின்மினியைப் பார்த்து, இது மின்மினி என்று சொல்லக்கூடியவர்கள் குறைவு. ஒளி இல்லாவிட்டால் அது சாதாரணப் பழுப்பு வண்டு. அதனால்தான் படத்தில் மாட்டிக்கொள்கிறது.

முதுகைப் பார்த்தால் எவ்வளவு தெரியும்?

நம் சமவெளிப் பகுதிகளில், வயல் ஓரங்களிலும் தோப்புகளிலும் சாதாரணமாகத் தென்படும் மின்மினிகளில் ஒரு வகை, மங்கிய மஞ்சள் கலந்த பழுப்பு இறக்கையும், அதன் நுனியில் கறுப்பும், கழுத்துப் பகுதியில் ஆரஞ்சு நிறமும் கொண்டது. முழுவதும் பழுப்பாக, அல்லது கறுப்பாக இருக்கும் வகைகளும் உண்டு. எனவே நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. நம்பக்கூடியது மூன்று.

முதலாவது கழுத்துக் கவசம். தலைக்குப் பின்னால், இறக்கைக்கு முன்னால் ஒரு தட்டு இருக்கும். மின்மினியில் இந்தத் தட்டு முன்பக்கம் நீண்டு, தலைக்கு மேல் கூரைத் தாழ்வாரம் மாதிரி கவிந்திருக்கும். பயந்தால் தலையை அதற்குள் இழுத்துக்கொள்ளும். அப்போது மேலிருந்து எடுத்த படத்தில் தலையே இல்லாத வண்டு போலத் தோன்றும். அடியிலிருந்து பார்த்தால், அந்தக் கூரைக்குக் கீழே உடம்புக்குப் பொருத்தமில்லாத அளவுக்குப் பெரிய இரண்டு கறுப்புக் கண்கள் இருக்கும். இருட்டில் துணையின் ஒளியைத் தேட வேண்டியிருப்பதால், குறிப்பாக ஆண் மின்மினிக்குக் கண்தான் தலையின் பெரும்பகுதி.

பூசணி வண்டில் அப்படி இல்லை. தலை முழுவதும் வெளியே தெரியும். அதன் கழுத்துத் தட்டு அகலம் குறைந்தது. குறுக்காக ஒரு பள்ளம் ஓடும்.

இரண்டாவது இறக்கை உறை. வண்டு என்றாலே முதுகில் கெட்டியான ஓடு இருக்கும் என்பது நம் எண்ணம். மின்மினியின் உறை அப்படிக் கெட்டி கிடையாது. விரலால் தொட்டால் மெல்லிய தோல் போல வளைந்து கொடுக்கும். படத்தில் இது பளபளப்பில்லாத, சற்று மங்கிய பரப்பாகத் தெரியும். இரண்டு பக்க ஓரங்களும் ஏறக்குறைய இணைகோடுகளாக நீளும். பூசணி வண்டின் உறை வழுவழுப்பாக, எண்ணெய் தடவியது போல மினுங்கும். முன்னால் குறுகி, பின்பக்கம் அகன்று உருண்டு முடியும். ஃபிளாஷ் அடித்தால் அந்த வழவழப்பான முதுகில் வெள்ளையாக ஒரு புள்ளி பிரதிபலிக்கும். இதைத்தான் பலர் 'ஒளிருகிறது' என்று எண்ணிவிடுகிறார்கள். அதைப் பற்றிப் பிறகு.

மூன்றாவது உணர்கொம்பு. மின்மினிக்கு நூல் போல, கணுக்கணுவாக, எளிமையான கொம்பு. கோடை மழைக்குப் பிறகு வேப்ப மரத்தில் மொய்க்கும் வேர்ப்புழுவின் தாய் வண்டுக்கு, கொம்பின் நுனி விசிறி மடிப்பு போல இதழ் இதழாக இருக்கும். இந்த ஒரு அடையாளத்தை வைத்தே அதைத் தள்ளிவிடலாம். உருவமும் தடித்தது, மின்மினியோடு குழப்பிக்கொள்ள அவ்வளவு வாய்ப்பில்லை. பூசணி வண்டின் கொம்பு மின்மினியினுடையது போலவே நூல் மாதிரிதான் இருக்கும் என்பதால், நம் வாசகர் விஷயத்தில் கொம்பு உதவாது.

மின்மினிக்கு உண்மையிலேயே நெருங்கிய உறவுக்கார வண்டுகளும் இருக்கின்றன. உடம்பு மெத்தென்று, இறக்கை தோல் போல, கொம்பு நூல் போல எல்லாம் ஒத்துப்போகும். ஆனால் ஒன்றுக்குத் தலை மூடாமல் முழுசாக வெளியே இருக்கும். பூக்களில் பகலில் உட்கார்ந்திருக்கும். மற்றொன்றின் இறக்கையில் நீள வரம்புகளும் குறுக்கு வரம்புகளும் சேர்ந்து வலை பின்னியது போல இருக்கும். இவற்றுக்கு ஒளி உறுப்பு கிடையாது. இவையும் பயிரை அழிப்பவை அல்ல என்பதால், இவற்றை மின்மினி என்று தவறாக எண்ணினாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.

புரட்டிப் போட்டு எடுத்த படம்

முதுகுப் படத்தை வைத்து 'இருக்கலாம்' என்று சொல்ல முடியும். 'இதுதான்' என்று சொல்ல வயிற்றுப்பக்கம் வேண்டும். வாசகரிடம் அதைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

வண்டை வெறும் கையால் பிடிக்க வேண்டாம். மாலை நேரத்தில் இலையில் உட்காரும் சிறு பூச்சிகளில் கொப்புள வண்டும் உண்டு; அதன் உடம்பிலிருந்து கசியும் திரவம் பட்ட இடம் கொப்பளிக்கும். வாயகன்ற கண்ணாடிப் பாட்டில், அல்லது சாயம் இல்லாத பிளாஸ்டிக் டப்பா போதும். இலைக்கு அடியில் பாட்டிலைப் பிடித்து இலையைத் தட்டினால் வண்டு விழுந்துவிடும். மூடிவிட்டுப் பாட்டிலைச் சாய்த்தால் வண்டு கண்ணாடிச் சுவரில் ஏறும். இப்போது சுவருக்கு வெளியிலிருந்து பார்த்தால் அதன் அடிப்பக்கம் முழுவதும் நம் கண்ணுக்கு நேராக இருக்கும். பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நெல்மணியையோ தீக்குச்சியையோ வைத்துப் படம் எடுத்தால் அளவும் தெரிந்துவிடும். ஃபிளாஷை நேராக அடித்தால் கண்ணாடியில் வெளிச்சம் திரும்பிப் படம் கெடும். வேறொருவர் பக்கவாட்டில் டார்ச் பிடிக்க, ஃபிளாஷ் இல்லாமல் எடுப்பது நல்லது. ஐந்து நிமிட வேலை. முடிந்ததும் மின்மினியை எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

அந்தப் படத்தில் என்ன பார்ப்பது?

பூச்சியின் வயிறு வளையம் வளையமாக அமைந்தது. மின்மினியில் வால் பக்கத்து வளையம் ஒன்றோ இரண்டோ, மற்ற வளையங்களின் நிறத்தில் இல்லாமல், சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருக்கும். இளம் மஞ்சள் கலந்த வெள்ளை என்றும் சொல்லலாம். ஒளி எரியாமல் இருக்கும்போதும் இந்த நிறம் மாறாது. பகலில் எடுத்த படத்திலும் தெரியும். அதாவது, மின்மினியைக் கண்டுபிடிக்க அது மின்னிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை; விளக்கு இருக்கும் இடத்தைப் பார்த்தால் போதும்.

அந்த வெள்ளைக்குக் காரணம் இருக்கிறது. ஒளி உறுப்பில் இரண்டு அடுக்கு உண்டு. வெளிப்பக்க அடுக்கில்தான் ஒளி பிறக்கிறது. லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபெரேஸ் என்ற நொதியின் துணையோடு ஆக்சிஜனுடன் சேரும்போது வெளிச்சம் வருகிறது. சூடு அநேகமாக இல்லாத வெளிச்சம். அதனால்தான் மின்மினி உட்கார்ந்த இலை வாடுவதில்லை, பிடித்த குழந்தையின் கை சுடுவதில்லை. உள்பக்க அடுக்கில் யூரிக் அமில உப்பின் நுண்ணிய படிகங்கள் நிறைந்திருக்கின்றன. டார்ச் லைட்டில் பல்புக்குப் பின்னால் இருக்கும் பளபளப்பான கிண்ணம் செய்யும் வேலையை இவை செய்கின்றன; உள்ளே போகிற ஒளியை வெளியே திருப்பி அனுப்புகின்றன. அந்தப் படிகங்கள்தான் வெளியிலிருந்து சுண்ணாம்பு நிறமாகத் தெரிகின்றன.

பூசணி வண்டின் அடிப்பக்கம் நேர் எதிர். முதுகு எவ்வளவு சிவப்போ, அடிவயிறு அவ்வளவு கறுப்பு. இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தக் கறுப்பு வயிற்றின் மேல் மென்மையான வெள்ளை முடி இருக்கும். ஃபிளாஷ் வெளிச்சத்தில் இந்த முடி சாம்பல் பூத்தது போலத் தெரிந்து, ஒளி உறுப்பு என்று ஏமாற்றும். வித்தியாசம் எளிது. முடியின் வெளுப்பு பரவலாகக் கலைந்து இருக்கும். அதனூடே கறுப்பு தெரியும். ஒளி உறுப்பின் வெளுப்பு வளையத்தின் கோட்டோடு கத்தரித்தது போல நின்றுவிடும். அதற்கு முன் வளையம் பழுப்பாகவோ கறுப்பாகவோ சட்டென்று தொடங்கும்.

வாசகர் மறுநாள் மாலை நான்கு வண்டுகளைப் பிடித்து இப்படி எடுத்து அனுப்பினார். மூன்றில் சுண்ணாம்புக் கட்டு தெளிவாக இருந்தது. ஒன்றின் வயிறு கறுப்பு.

ஒளியைப் படம் எடுக்கும்போது வரும் ஏமாற்றங்கள்

'மின்னுகிறதா இல்லையா என்று பார்த்தால் முடிந்தது, இவ்வளவு சிரமம் எதற்கு?' என்று கேட்கலாம். கண்ணால் பார்க்கும்போது அது சரி. படத்தில் வரும்போதுதான் சிக்கல்.

ஃபிளாஷ் அடித்தால் மின்மினியின் ஒளி படத்தில் காணாமல் போய்விடும். ஃபிளாஷின் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு அதிகம். அதோடு, பலமான வெளிச்சம் பட்டதும் மின்மினி தன் விளக்கை அணைத்துவிடுவதும் உண்டு. எனவே ஃபிளாஷ் படத்தில் ஒளி தெரியவில்லை என்பது எதற்கும் சாட்சி அல்ல.

ஃபிளாஷ் இல்லாமல் சாதாரணமாக எடுத்தால், கேமரா திறந்து மூடும் நொடிக்கும் குறைந்த நேரத்தில் மின்மினி அணைந்திருக்கலாம். பத்துப் படம் எடுத்தால் இரண்டில் ஒளி இருக்கும். இப்போதைய செல்போன்களில் உள்ள நைட் மோடு இதற்கு உதவும். போனைக் கல்லிலோ வரப்பிலோ அசையாமல் சாய்த்து வைத்து, இரண்டு மூன்று நொடி எடுக்கவிட வேண்டும். பறக்கும் மின்மினி விட்டுவிட்டு வரும் கோடாகப் பதியும். உட்கார்ந்திருப்பது ஒரே இடத்தில் பச்சை கலந்த மஞ்சள் புள்ளியாக விழும். ஒளி அதிகமானால் புள்ளியின் நடு வெள்ளையாகி, சுற்றிலும் மட்டும் பச்சை நிற்கும். 'என் படத்தில் வெள்ளையாக இருக்கிறதே, இது மின்மினி இல்லையோ' என்று சந்தேகப்பட வேண்டாம்.

இனி, பொய் ஒளிகள். வழவழப்பான முதுகில் ஃபிளாஷ் பட்டுத் தெரியும் புள்ளி முதலாவது. அது முதுகின் மேல்பக்கத்தில், கேமராவைப் பார்த்த மேட்டில் இருக்கும். அதே படத்தில் நான்கு வண்டு இருந்தால் நான்கிலும் ஒரே இடத்தில் இருக்கும். மின்மினியின் ஒளியோ முதுகில் வராது. அடிவயிற்றிலிருந்து கீழ்நோக்கி வரும். இலையில் உட்கார்ந்திருந்தால், வாலுக்குக் கீழே இலையின் மேல் பச்சை வெளிச்சம் சிந்தியிருக்கும். வண்டின் ஒளி எங்கே விழுகிறது என்று பார்ப்பது, வண்டைப் பார்ப்பதைவிட நல்ல அடையாளம்.

இரண்டாவது சிலந்திக் கண். தரையில் ஓடும் சிலந்தியின் கண்கள், நாம் நெற்றிக்கு நேராக டார்ச் பிடித்தால், பச்சையாக மினுங்கும். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களுக்கு இது பழக்கம். டார்ச்சை அணைத்தால் அந்த மினுக்கமும் போய்விடும். மின்மினி என்றால் டார்ச்சை அணைத்த பிறகுதான் நன்றாகத் தெரியும். பனித்துளியும் அப்படியே, வெளிச்சத்தை அணைத்தால் போய்விடும். மலையோரத் தோட்டங்களில் மழைக்காலத்தில் மக்கிய கட்டையில் ஒளிரும் பூஞ்சை தென்படலாம். அது சிமிட்டாது, நகராது; மணிக்கணக்கில் ஒரே சீராக மங்கலாக ஒளிரும்.

தெருவிளக்கடியில் குவியும் வண்டுகளைப் படம் எடுத்து 'மின்மினிக் கூட்டம்' என்று அனுப்புகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் அவை விளக்குக்கு ஈர்க்கப்படும் வேர்ப்புழு வண்டுகள், சாணி வண்டுகள், நீர் வண்டுகள். பலமான விளக்கு இருக்கும் இடம் மின்மினிக்குத் தொந்தரவு. ஆண் சிமிட்டும் சமிக்ஞை பெண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். தோட்டத்தில் விளக்குப்பொறி வைப்பவர்கள் அதை விடிய விடிய எரியவிடாமல், பூச்சி அதிகம் வரும் முன்னிரவு நேரத்தோடு அணைத்துவிடுவது மின்மினிக்கு நல்லது, மின்கட்டணத்துக்கும் நல்லது.

ஒரு கட்டா, இரண்டு கட்டா?

வயிற்றுப் படத்தில் இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. வாசகர் அனுப்பிய மூன்று மின்மினிகளில் இரண்டுக்கு, கடைசி இரண்டு வளையங்களும் வெளுத்து, வெள்ளை வால் நுனி வரை போயிருந்தது. ஒன்றுக்கு ஒரே வளையம்தான் வெள்ளை. அதற்குப் பின்னால் வெளுக்காத நுனி ஒன்று மிச்சம் இருந்தது. நம் சமவெளியில் சாதாரணமாகக் காணப்படும் இந்த வகை மின்மினிகளில், இரண்டு கட்டு வெள்ளை ஆண். ஒரு கட்டு வெள்ளையும் அதற்குப் பின் நுனியும் இருந்தால் பெண்.

இது வெறும் விவரம் அல்ல. மாலையில் பந்தலுக்கு மேலும் கீழும் சிமிட்டிக்கொண்டு மிதப்பவை பெரும்பாலும் ஆண்கள். அவை எங்கிருந்தும் வந்திருக்கலாம். பெண் அதிகம் சுற்றாது. தாழ்ந்த செடியிலோ புல்லிலோ உட்கார்ந்து, ஆணின் சிமிட்டலுக்குப் பதில் சிமிட்டும். இணை சேர்ந்த பிறகு ஈரமான மண்ணிலும் சருகுக்கடியிலும் முட்டை வைக்கும். எனவே தோட்டத்தில் பெண் மின்மினி தென்பட்டால், அதன் அடுத்த தலைமுறை அந்த வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் இருக்கப்போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

விவசாயிக்கு லாபம் தருவது அந்த அடுத்த தலைமுறைதான். பறக்கும் மின்மினி சில வாரங்களே உயிரோடு இருக்கும். பல வகைகள் அந்த நாட்களில் ஏறக்குறைய எதுவும் தின்பதில்லை. புழுப்பருவம்தான் நீண்டது, மாதக்கணக்கில் மண்ணில் வாழ்ந்து நத்தை, ஓடில்லா நத்தை, மெல்லுடம்புப் பூச்சிகள், மண்புழு ஆகியவற்றைத் தின்னும். நத்தையைக் கடித்து ஒரு திரவத்தைச் செலுத்தும். நத்தை அசைவற்றுப் போகும். சதை கரைந்து கூழாகும். அதை உறிஞ்சிக் குடிக்கும். நத்தை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் வழவழப்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடும் வகைகளும் இருக்கின்றன. இலங்கையில், பெரிய உருவமுள்ள ஒரு மின்மினி வகையின் புழு ஆப்பிரிக்க ராட்சத நத்தையையே வேட்டையாடுவது சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனிக்கப்பட்டது.

அதற்காக, மின்மினி இருக்கிறது, இனி நத்தைக்குக் கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது. நம் வயலோரத்துச் சிறு மின்மினிகளின் புழுக்கள் சிறு நத்தைகளையும் குஞ்சுகளையும்தான் சமாளிக்கும். வாழை, பப்பாளித் தோட்டங்களில் ராட்சத நத்தை கூடை கூடையாக வரும் இடங்களில், இரவில் ஈரச் சாக்கு போட்டு விடியலில் பொறுக்கி அழிப்பதற்கு மாற்று இல்லை. அங்கே வைக்கும் நத்தைக்கொல்லி விஷ உருண்டைகளைத் தோட்டம் முழுக்கத் தூவாமல், நத்தை ஒதுங்கும் இடங்களில் மட்டும் வைப்பது மின்மினிப் புழுவின் இரையையாவது கொஞ்சம் மிச்சம் வைக்கும்.

புழுவையும் ஒருமுறை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மண் கிளறும்போது பார்த்தவுடன் நசுக்கப்படுவது அதுதான். தட்டையாக, கருநிறத்தில், முதுகில் ஓடு வேய்ந்தது போலத் தட்டுகள் அடுக்கியிருக்கும். மரவட்டைக்கும் பூரானுக்கும் நடுவில் ஏதோ ஒன்று போலத் தோன்றும். ஆனால் கால்கள் மூன்று ஜோடிதான், முன்பக்கம் மட்டும். வால் பக்கத்தில் இரண்டு சிறு புள்ளிகள்; இருட்டில் அவை மங்கலாக ஒளிரும். பெரிய வண்டு போலச் சிமிட்டாது. மெதுவாக எரிந்து மெதுவாக அணையும். பயிரின் வேரைத் தின்னும் வேர்ப்புழு வெள்ளையாக, பழுப்புத் தலையோடு, பிறை போல வளைந்து கிடக்கும். பூசணி வண்டின் புழுவும் பால் நிறம்; மெலிந்து நீண்டது; கொடியின் வேரையும் தண்டின் அடியையும் குடையும். கறுத்த, தட்டையான, நடமாடும் புழுவைக் கண்டால் விட்டுவிட வேண்டும்.

ஆக, மருந்து அடிக்கலாமா?

வாசகரின் கேள்விக்கு வரலாம். இலையில் விழுந்த ஓட்டை பொய் அல்ல. அதற்குக் காரணம் அந்த நான்காவது வண்டின் இனம். ஆனால் பூசணி வண்டு பகலில் வேலை செய்யும் பூச்சி. எத்தனை இருக்கிறது என்று மாலையில் எண்ணினால் கணக்குத் தப்பும்; மின்மினியையும் சேர்த்து எண்ணிவிடுவோம். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன் பார்க்க வேண்டும். அப்போது அது குளிரில் மந்தமாக இலைக்கடியில் ஒதுங்கியிருக்கும், சட்டென்று பறக்காது. கையில் சோப்புத் தண்ணீர் பாத்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு கொடி கொடியாகத் தட்டிக்கொண்டே போனால், எண்ணிக்கையும் தெரியும், பாதி வேலையும் முடிந்துவிடும். வாசகர் தொடர்ந்து இரண்டு காலை பார்த்ததில், பந்தல் முழுக்கச் சேர்ந்தது ஒரு கைப்பிடிகூட இல்லை. இலை ஓட்டைகளில் பெரும்பாலானவை கொடி சிறிதாக இருந்தபோது விழுந்த பழைய ஓட்டைகள். ஓரம் காய்ந்து பழுப்பேறியிருந்தன. புதிய தளிரில் ஓட்டை இல்லை.

பூசணி வண்டு உண்மையில் ஆபத்தானது முளைத்து வரும் பருவத்தில். வித்திலையையும் முதல் இரண்டு மூன்று இலைகளையும் தின்றுவிட்டால் செடியே போய்விடும். மறுபடி விதை ஊன்ற வேண்டியிருக்கும். அந்தப் பருவத்தில் அதிகமாக வந்தால் தாமதிக்கக் கூடாது. காலையில் பொறுக்குவதோடு, பனி ஈரத்தில் இலைமேல் சாம்பல் தூவுவது பழைய வழக்கம், இப்போதும் ஓரளவு பலன் தருவது. அதையும் மீறினால் வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை விரிவாக்க மையத்தில் கேட்டு, பரிந்துரைக்கப்பட்ட மருந்தைப் பரிந்துரைத்த அளவில் அடிக்க வேண்டியதுதான். பந்தலில் ஏறி, பூத்துக் காய்த்துக்கொண்டிருக்கும் கொடி சில ஓட்டைகளைத் தாங்கிக்கொள்ளும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 'தேனீக்குப் பாதகம் இல்லாமல் மாலையில் மருந்து அடியுங்கள்' என்ற அறிவுரை பல பயிருக்குச் சரி. பீர்க்கனுக்கு அது பொருந்தாது. மாலையில்தான் பூ விரிகிறது. அந்துப்பூச்சியும் மற்றவையும் மகரந்தம் மாற்றுவது அப்போதுதான். மாலை ஆறரைக்கு மருந்து அடித்தால் மின்மினியும் போகும், காய்ப்பும் குறையும். இலைக்கடியில் ஒடுங்கிய பூசணி வண்டு மட்டும் ஒருவேளை தப்பிக்கும்.

வாசகர் வாங்கிய மருந்தைப் பிரிக்காமல் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். அறுவடை முடிந்ததும் பந்தலுக்கு அடியில் உழுது, மண்ணில் இருக்கும் பூசணி வண்டுகளை வெயிலுக்கும் பறவைக்கும் காட்டச் சொல்லியிருக்கிறது. அப்போது வாய்க்கால் ஓரத்தில், புல் மண்டிக் கிடக்கும் இரண்டடி அகலத்தை மட்டும் உழாமல் விட வேண்டும். ஒரு கட்டு வெள்ளை கொண்ட அந்தப் பெண் மின்மினியை அவர் பிடித்தது அந்த இடத்தில்தான்.